வாட்டர் ஹீட்டர் கண்ட்ரோலருக்குத் தனி வெப்பக் கட்-அவுட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேமிப்புத் தொட்டி உள்ள ஹீட்டருக்கு மைக்ரோகண்ட்ரோலர் வைத்துச் சொந்தமாகக் கண்ட்ரோலர் செய்பவர்கள், சூடு மீறினால் மின்சாரத்தை வெட்டும் தனிக் கட்-அவுட்டைப் பற்றி என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குகள் எல்லாமே 15 லிட்டர் தொட்டி, 2000 வாட் எலிமெண்ட், 230 வோல்ட் மின்சாரம் என்ற ஒரே ஹீட்டருக்குரியவை.

என் நிரலில் 75 டிகிரியைத் தாண்டினால் ரிலேவை அணைக்கும் வரி இருக்கிறது, வாட்ச்டாக்கும் இருக்கிறது. இதற்கு மேல் தனியாக ஒரு கட்-அவுட் எதற்கு?

நிரலுக்குக் கண் சென்சார், கை ரிலே. இரண்டில் எது கெட்டாலும் நிரல் எவ்வளவு சரியாக எழுதப்பட்டிருந்தாலும் பயனில்லை.

முதலில் கண். டிஎஸ்18பி20 சென்சாரின் வயர் அறுந்தால், அதற்குப் பரவலாகப் பயன்படும் நூலகம் -127 என்ற மதிப்பைத் தரும். அதைப் பிழை என்று பிரித்துப் பார்க்காத நிரலுக்கு, தண்ணீர் உறைந்து கிடக்கிறது, இன்னும் சூடேற்ற வேண்டும் என்றுதான் தோன்றும். என்டிசி சென்சாரை வழக்கம்போல மேலே ஒரு ரெசிஸ்டர், கீழே சென்சார் என்று இணைத்திருந்தால் அதுவும் அறுந்தவுடன் மிகக் குளிர்ந்த அளவையே காட்டும். இவற்றையாவது வரம்புச் சோதனையால் பிடித்துவிடலாம். பிடிக்கவே முடியாதது ஒன்று உண்டு. சென்சார் நன்றாக இருக்கிறது, ஆனால் தொட்டியின் குழியிலிருந்து நழுவி வெளியே தொங்குகிறது. அது 30 டிகிரி என்று சொல்லும். 30 நம்பக்கூடிய எண்தான், அந்தக் காற்றுக்கு உண்மையான எண்ணும்கூட. நிரல் ஹீட்டரை அணைக்கவே அணைக்காது.

அடுத்தது கை. ரிலேயின் தொடுமுனைகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும். சாலிட் ஸ்டேட் ரிலேயோ டிரையாக்கோ வைத்திருந்தால், அவை கெடும்போது பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், அதாவது முழு நேரமும் ஆன். வாட்ச்டாக் செய்வதெல்லாம் உறைந்துபோன நிரலை மறுபடி தொடங்குவது மட்டும். புதிதாகத் தொடங்கிய நிரல் பின்னை எத்தனை முறை அணைத்தாலும் ஒட்டிய தொடுமுனை பிரியாது.

சூடு அளவுக்கு மீறிப் போக எவ்வளவு நேரமாகும்? யாராவது கவனித்து அணைத்துவிட மாட்டார்களா?

15 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறக்குறைய 63 கிலோஜூல் வேண்டும். 2000 வாட் எலிமெண்ட் அதை அரை நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் கொடுத்துவிடும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1.9 டிகிரி. 60 டிகிரியில் அணைந்திருக்க வேண்டிய ஹீட்டர் அணையாமல் போனால் 13 நிமிடத்தில் 85, 21 நிமிடத்தில் 100. குளித்து முடித்துத் துவட்டிக்கொண்டு வெளியே வரும் நேரம்தான் அது.

100-ஐத் தொட்ட பிறகு என்ன ஆகும் என்பது தொட்டியின் அமைப்பைப் பொறுத்தது. நீராவி போக வழி இருந்தால் கொதித்துக் குழாய் வழியே ஆவி வரும். நான்-ரிட்டர்ன் வால்வு போட்ட மூடிய தொட்டியில் பாதுகாப்பு வால்வும் சுண்ணாம்பு படிந்து அடைத்திருந்தால், தண்ணீர் கொதிக்காமலே 100-க்கு மேல் ஏறிக்கொண்டு போகும். இன்னும் அரை மணிக்குள் 150 டிகிரி. அந்த நிலையில் தொட்டி கிழிந்தால், உள்ளே இருக்கும் தண்ணீரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானது அந்தக் கணமே ஆவியாகிவிடும். எடையில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல், கன அளவில் இரண்டு கன மீட்டருக்கு மேல். சின்னக் குளியலறைக்குள் அது வெடிப்பாகத்தான் இருக்கும்.

கட்-அவுட்டை எங்கே இணைக்க வேண்டும்? போர்டில் ஒரு இன்புட் பின் காலியாக இருக்கிறது, அதில் கொடுத்தால் போதுமா?

போதாது. நான் பார்த்த சொந்தத் தயாரிப்புகளில் மிகப் பெரும்பாலானவை தவறுவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கட்-அவுட்டை இன்புட் பின்னில் கொடுத்தால், "சூடு மீறிவிட்டது" என்ற செய்தி நிரலுக்குப் போகிறது. அணைப்பது பழையபடி நிரல்தான். நிரல் உறைந்திருந்தால் செய்தியைப் படிக்க ஆள் இல்லை. நீங்கள் இரண்டாவதாக ஒரு சென்சார் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அடுத்ததாகப் பலர் செய்வது, கட்-அவுட்டை ரிலேயின் சுருளுக்குப் போகும் 5 வோல்ட் வயரில் தொடராக இணைப்பது. இது முந்தையதைவிட நல்லது. பின் எந்த நிலையில் இருந்தாலும் சுருளுக்கு மின்சாரம் நின்றுவிடும், ஆகவே நிரல் உறைந்தாலும், சென்சார் பொய் சொன்னாலும் காப்பாற்றும். ஆனால் தொடுமுனை ஒட்டிக்கொண்டால்? சுருளில் மின்சாரம் இல்லாமல் போவதால் ஒட்டியது பிரியாது. அந்தக் கோளாறு கட்-அவுட்டையே தாண்டிப் போய்விடுகிறது.

சரியான இடம் மின்சாரம் வரும் வழி. மெயின் வயர் முதலில் கட்-அவுட்டுக்குள் நுழைய வேண்டும், அங்கிருந்து ரிலேக்கு, பிறகு எலிமெண்டுக்கு. எலிமெண்டின் முழு மின்னோட்டமும் கட்-அவுட்டின் தொடுமுனை வழியாகவே ஓட வேண்டும். அப்போது ரிலே ஒட்டினாலும், போர்டு எரிந்தே போனாலும், சூடு ஏறியவுடன் ஈருலோகத் தகடு வளைந்து வழியை அறுத்துவிடும். அதற்கு மின்சாரம் வேண்டாம், நிரல் வேண்டாம், கேட்டுப் பெற வேண்டிய அனுமதி எதுவும் வேண்டாம்.

இணைத்த பிறகு உங்களை நீங்களே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வழக்கமான கட்டுப்பாட்டுக்கும் கட்-அவுட்டுக்கும் பொதுவாக ஏதாவது இருக்கிறதா? ஒரே சென்சார், ஒரே ரிலே, ஒரே பவர் சப்ளை, ஒரே கனெக்டர் என்று எது பொதுவாக இருந்தாலும் அந்த ஒன்று கெடும்போது இரண்டும் சேர்ந்து கெடும்.

கட்-அவுட்டின் ஆம்பியர் அளவை எப்படிப் பார்ப்பது?

2000 வாட்டை 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். கேஎஸ்டி301 வகை வட்டத் தகடு கட்-அவுட்டுகளில் 10 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று இரண்டும் கிடைக்கின்றன. 16 ஆம்பியரையே எடுங்கள். மின்னழுத்தம் கூடினால் மின்னோட்டமும் கூடும், வெப்பமான இடத்தில் தொடுமுனையின் பலமும் குறையும்.

85 டிகிரித் தகடு வாங்குவதா, 95 வாங்குவதா? அடிக்கடி விழுந்து மின்சாரத்தை வெட்டாமல் இருக்க 95 நல்லது என்கிறார்கள்.

வழக்கமான வெப்பநிலை 60 என்றால் 85 வாங்குங்கள். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கீழ் வரம்பு முதலில். 60-ல் ரிலே அணைந்தாலும் எலிமெண்டில் மிச்சமிருக்கும் சூடு தண்ணீரை இன்னும் கொஞ்சம் ஏற்றும். அதோடு, குழாயைக் கொஞ்சம் திறந்து மூடி, மறுபடி திறந்து மூடினால், ஒவ்வொரு முறையும் கீழே குளிர்ந்த நீர் வந்து சென்சார் எலிமெண்டை எழுப்பும், ஏற்கெனவே சூடாக இருக்கும் மேல்மட்டம் மேலும் சூடாகும். இப்படி மேல்மட்டம் 70-ஐத் தொடுவது கோளாறில்லாத ஹீட்டரிலும் நடக்கும். 85 என்று எழுதிய தகட்டுக்கு ஐந்து டிகிரி முன்பின் இருக்கும் என்று வைத்தால், அது 80-லேயே விழலாம். 70-க்கும் 80-க்கும் நடுவே இடம் இருக்கிறது, வீணாக விழாது.

இப்போது மேல் வரம்பு. அதே தகடு 90-லும் விழலாம். தொட்டியின் வெளிச்சுவரில் ஒட்டிய தகடு உள்ளே இருக்கும் தண்ணீரைவிடச் சில டிகிரி பின்தங்கியே இருக்கும். ஆக, மோசமான நிலையில் தண்ணீர் 95-ஐ நெருங்கும்போது வெட்டும். கொதிநிலைக்கு உள்ளேயே இருக்கிறோம். 95 தகடு வாங்கியிருந்தால் இதே கணக்கு 100-ஐத் தாண்டிவிடும். தண்ணீர் கொதிக்கத் தொடங்கிய பிறகு விழும் கட்-அவுட்டை நான் கட்-அவுட் என்று ஏற்க மாட்டேன்.

தானாகத் திரும்ப ஆன் ஆகும் வகையா, பொத்தானை அழுத்தினால்தான் ஆன் ஆகும் வகையா?

பொத்தான் வகை மட்டும்தான். இதை அனுபவத்தில் கற்றேன்.

என் முதல் கண்ட்ரோலரில் தானாகத் திரும்பும் 85 டிகிரித் தகடு வைத்திருந்தேன். பல மாதம் ஓடிய பிறகு ஒருநாள் அம்மா, "எவ்வளவு பச்சைத் தண்ணி கலந்தாலும் சூடு அடங்கலையேப்பா" என்றார். திரையைப் பார்த்தேன். ஹீட்டர் அணைந்திருக்கிறது என்று காட்டியது, பக்கத்திலேயே வெப்பநிலை 78 என்றும் காட்டியது. ரிலேயைப் பிரித்தபோது தொடுமுனைகள் ஒட்டியிருந்தன. எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று தெரியவே இல்லை. தகடு விழும், தண்ணீர் ஆறும், தகடு தானாக மூடும், மறுபடி 85-க்கு ஏறும். அவசரத்துக்கு வைத்த காவலாளி அன்றாடத் தெர்மோஸ்டாட் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. அதன் தொடுமுனையும் கருகிக் குழி விழுந்திருந்தது. அதுவும் ஒட்டியிருந்தால் அடுத்த அரண் எதுவும் இல்லை. 60 டிகிரித் தண்ணீரே சில விநாடிகளில் தோலைப் பொசுக்கும், அம்மாவின் குழாயில் வந்தது அதைவிட எவ்வளவோ சூடான தண்ணீர்.

ரிலே ஏன் ஒட்டியது என்று தேடியபோது இன்னொன்றும் தெரிந்தது. என் 5 வோல்ட் சப்ளை பலவீனமானது. வைஃபை அனுப்பும்போது மின்னழுத்தம் சரிந்து சிப் ரீசெட் ஆகும், ரிலே ஒரு கணம் விட்டுப் பிடிக்கும், நிரல் மறுபடி வைஃபையைத் தொடங்கும், மறுபடி சரியும். ஒவ்வொரு பிடிப்பிலும் 8.7 ஆம்பியர் பொறி. ரிலே அப்படிப் படபடத்தே ஒட்டியிருக்கிறது. மென்பொருள் கோளாறையும் ரிலே கோளாறையும் இரண்டு தனித்தனி விஷயங்களாக எண்ணக்கூடாது என்பது அன்று எனக்கு உறைத்தது. ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுக்கிறது.

பொத்தான் வகையாக இருந்திருந்தால் முதல் நாளே வெந்நீர் வராமல் நின்றிருக்கும். வெந்நீர் இல்லை என்றால் வீட்டில் எல்லோரும் கேட்பார்கள்.

ஃபேஸ் வயரை மட்டும் வெட்டினால் போதாதா? நியூட்ரலையும் ஏன் வெட்ட வேண்டும்?

எலிமெண்டின் உலோக உறைக்குள் சுருள் எங்காவது நடுவில் உறையைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், நீங்கள் ஃபேஸ் என்று நினைத்து வெட்டியது நியூட்ரல். மின்சாரம் இன்னொரு முனை வழியாகச் சுருளுக்குள் நுழைந்து, தொட்ட இடத்தில் எர்த்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். ரிலேயும் கட்-அவுட்டும் திறந்து கிடக்கும்போதே தண்ணீர் சூடாகும்.

அதுவும் கூடுதலாகச் சூடாகும். நம் எலிமெண்டின் முழுத் தடை ஏறக்குறைய 26 ஓம். பாதியில் தொட்டால் 13 ஓம். 17 ஆம்பியருக்கு மேல், ஏறக்குறைய 4000 வாட். 20 ஆம்பியர் எம்சிபி இதற்கு விழாது. எர்த் கசிவைக் கண்டு வெட்டும் ஆர்சிசிபி இருந்தால் அது காப்பாற்றும். இருந்தாலும் கட்-அவுட்டே இரண்டு வயரையும் ஒருசேர வெட்டும் இருமுனை வகையாக இருப்பதுதான் சரி. தனித்தனியே விழும் இரண்டு ஒற்றைமுனைத் தகடுகள் அதற்கு ஈடாகாது, ஒன்று விழுந்ததும் சூடு நின்று மற்றது விழாமலே இருந்துவிடலாம்.

தொட்டியில் எந்த இடத்தில் பொருத்துவது?

நிற்கும் தொட்டியில் எலிமெண்டுக்கு மேலே, மேல்மட்டத்தை ஒட்டி. சூடான நீர் மேலே சேரும். கீழே பொருத்தினால் குளிர்ந்த நீர் நுழையும் இடத்தில் தகடு நிம்மதியாக உறங்கும். வெந்நீர்க் குழாயின் மேல் பொருத்தவும் வேண்டாம், குழாய் மூடியிருக்கும்போது அங்கே சூடு வந்து சேராது. தகட்டின் முகம் சுவரில் முழுதாகப் படிய வேண்டும். நடுவில் வெப்பப் பசை, மேலே அழுத்திப் பிடிக்கும் கவ்வி, அதற்கும் மேலே வெப்பக்காப்பு. இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியதை ஒருபோதும் நம்பாதீர்கள்.

இந்தத் தகட்டுக்கு எட்டாத நிலை ஒன்று உண்டு. தொட்டியில் தண்ணீரே இல்லாமல் ஹீட்டர் எரிவது. எலிமெண்ட் சிவந்து பழுக்கும், மேல்சுவரில் இருக்கும் தகட்டுக்கு அந்தச் சூடு வந்து சேரத் தாமதமாகும். அதற்கு எலிமெண்டின் அடித்தட்டிலேயே இன்னொரு தெர்மல் ஃபியூஸ் வேண்டும், அல்லது எலிமெண்டை ஒட்டிய குழிக்குள் இறங்கும் தண்டு வகைக் கட்-அவுட் வேண்டும்.

தெர்மல் ஃபியூஸ் மட்டும் போட்டால் ஆகாதா? விலையும் குறைவு.

ஆகும், ஆனால் இரண்டாவது அரணாக. ஒருமுறை போனால் மாற்றித்தான் ஆக வேண்டும், அதனால் அதை உண்மையான சூட்டில் சோதித்துப் பார்க்க முடியாது. அதன் வயரை ஈயப்பற்று வைத்து ஒட்டினால் அந்தச் சூட்டிலேயே உள்ளே உருகிப் போய்விடும். கிரிம்ப் செய்துதான் இணைக்க வேண்டும்.

சோலார் பேனலின் டிசி மின்சாரத்தை நேரடியாக எலிமெண்டுக்குக் கொடுக்கிறேன். இதே தகடு வேலை செய்யுமா?

செய்யாது, தீப்பிடிக்கும். ஏசி மின்னோட்டம் விநாடிக்கு 100 முறையோ 120 முறையோ பூஜ்யத்தைத் தொடுவதால், தொடுமுனை பிரியும்போது எழும் பொறி தானாக அணைகிறது. டிசியில் பூஜ்யம் வருவதே இல்லை. சின்ன இடைவெளியில் பொறி எரிந்துகொண்டே நின்று தொடுமுனையை உருக்கிவிடும். தகட்டின் மேல் எழுதியிருக்கும் 16 ஆம்பியர், 250 வோல்ட் என்பது ஏசிக்கு மட்டும். டிசியில் உங்கள் பேனலின் முழு மின்னழுத்தத்துக்கும் ஏற்ற டிசி காண்டாக்டர் ஒன்று தனியாக வேண்டும். கட்-அவுட் அந்தக் காண்டாக்டரின் சுருளை மட்டும் வெட்டலாம், தகடு தாங்கும் அளவுக்கு அந்தச் சுருளின் மின்னழுத்தமும் மின்னோட்டமும் சிறியதாக இருக்கும்படி பாருங்கள். அன்றாடம் ஆன்-ஆஃப் செய்வது வேறொரு ஸ்விட்சாக இருக்க வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே காண்டாக்டர் என்றால், முன்பு சொன்ன பழைய தவறுக்கே திரும்பிவிட்டோம்.

தண்ணீர் 60-ஐத் தாண்டுவதே இல்லை, ஆனாலும் கட்-அவுட் அடிக்கடி விழுகிறது. தகடு கெட்டுவிட்டதா?

மாற்றுவதற்கு முன் லக்கைப் பாருங்கள். கட்-அவுட்டின் முனையில் செருகிய லக் தளர்ந்திருந்தால், 8.7 ஆம்பியர் ஓடும்போது அந்த இணைப்பே சூடாகித் தகட்டை வெளியிலிருந்து சுடும். வயரின் உறை பழுப்பாகவோ கருப்பாகவோ மாறியிருக்கும், லக் கையால் இழுத்தாலே வந்துவிடும். அப்படி இருந்தால் லக், வயர் முனை, கட்-அவுட் மூன்றையும் மாற்றுங்கள். விழுவதைத் தாங்காமல் இரு முனைகளையும் ஒரு வயரால் இணைத்துவிட்டு "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பவர்கள் உண்டு. அந்த "பிறகு" வருவதை நான் பார்த்ததில்லை.

வேலை செய்கிறது என்று எப்படி உறுதிசெய்வது?

ரிலே ஒட்டிய நிலையை நாமே உண்டாக்கிப் பார்க்க வேண்டும். மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ரிலேயின் தொடுமுனைகளைத் தடித்த வயரால் இணையுங்கள். தொட்டி நிரம்பியிருக்கிறதா, பாதுகாப்பு வால்வு நெம்பினால் தண்ணீர் விடுகிறதா என்று பாருங்கள். பிறகு மின்சாரம் கொடுத்து, பக்கத்திலேயே இருங்கள். கண்ட்ரோலரின் சென்சாரை நம்பாமல், வெந்நீர்க் குழாயிலிருந்து சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை பிடித்துத் தனி வெப்பமானியால் அளந்து நேரத்தோடு எழுதுங்கள். கை மறைக்கும் உறை வேண்டும்.

என் இரண்டாவது கண்ட்ரோலரில் இதைச் செய்தபோது 27 டிகிரியில் தொடங்கி 34-வது நிமிடம் "டக்" என்று விழுந்தது. குவளைத் தண்ணீர் 89 டிகிரி. கணக்குப்படி 33 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகியிருக்க வேண்டும். சுவர் வழியே இழந்த சூட்டையும் நடுவில் குவளை பிடித்ததையும் சேர்த்தால் அந்த வித்தியாசம் பொருந்தும். தண்ணீர் 95-ஐத் தொட்டும் விழவில்லை என்றால் கையால் அணைத்துவிடுங்கள், தகட்டின் இடமோ ஒட்டலோ தவறு.

விழுந்த பிறகு ஆற விடுங்கள். ஆறியும் தானாக மூடக்கூடாது. மெயினை அணைத்துவிட்டு, பொத்தானை அழுத்தினால் மட்டும் மல்டிமீட்டரில் தொடர்ச்சி திரும்ப வேண்டும். கடைசியாக, ரிலேயின் மேல் போட்ட வயரை எடுங்கள். எடுத்ததை இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்படியானால் நிரலுக்கு இதில் எந்த வேலையும் இல்லையா?

வெட்டுவதில் இல்லை, சொல்வதில் உண்டு. ரிலேயை அணைத்த பிறகும் வெப்பநிலை ஏறினால் தொடுமுனை ஒட்டிவிட்டது என்று பொருள். அணைத்த கணத்தின் வெப்பநிலையை `t_off`-இல் வைத்துக்கொண்டால் இவ்வளவு போதும்:

```c
if (!relay_on && (t_now - t_off) > 5.0f) {
    alarm(RELAY_STUCK);
}
```

எலிமெண்டில் மிச்சமிருக்கும் சூட்டுக்காக ஐந்து டிகிரி விட்டிருக்கிறேன், உங்கள் தொட்டிக்கு அளந்து மாற்றுங்கள். இந்த எச்சரிக்கை கட்-அவுட் விழுவதற்குச் சில நிமிடம் முன்பே வந்துவிடும். கட்-அவுட்டைத் தொலைவிலிருந்து ரீசெட் செய்யும் வசதியை மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். அந்தப் பொத்தானை அழுத்துபவர் ஹீட்டரின் முன்னால் நின்று, மூடியைக் கழற்றி, ஏன் விழுந்தது என்று பார்த்தவராக இருக்க வேண்டும்.